பாட்டி தோசையைப் புரட்டும்போது மணிக்கட்டு ஏன் மெலிந்துபோகிறது?

ஒரு குறும்படத்துக்காகப் பாட்டி ஒருத்தியை முப்பரிமாணத்தில் செய்துகொண்டிருந்தோம். அவள் வேலை தோசை சுடுவது. வலது உள்ளங்கை மேல்நோக்க, தோசைத் திருப்பி கல்லை ஒட்டி தோசைக்கு அடியில் போகிறது. பிறகு கை அப்படியே கவிழ்கிறது, தோசை மறுபக்கம் விழுகிறது. இரண்டு நொடிக் காட்சிதான். அனிமேஷன் செய்துகொண்டிருந்த தம்பி என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, பாட்டியோட வளையல் காத்துல நிக்குது, வந்து பாருங்க."

வளையல் சரியாகத்தான் இருந்தது. அதற்குள் இருந்த மணிக்கட்டைத்தான் காணவில்லை. உள்ளங்கை மேல்நோக்கிய நிலையில் முழங்கைக்கும் கைக்கும் நடுவே சதை ஒரு நூலாக ஒடுங்கி, அதற்கு அப்பால் மறுபடி பருத்து உள்ளங்கையாக விரிந்திருந்தது. சாக்லேட்டின் இரு பக்கமும் தாளை முறுக்கிவைப்பார்களே, அந்த முறுக்கு விழுந்த இடம் எப்படி இருக்குமோ அப்படி. உலகம் முழுக்க ரிக்கிங் செய்கிறவர்கள் இந்தக் கோளாறுக்கு வைத்திருக்கும் பெயரும் அதுவேதான்: கேண்டி ராப்பர். அனிமேஷன் படங்களிலும் வீடியோ கேம்களிலும் கையைத் திருப்பும் எந்தப் பாத்திரத்துக்கும் இது வரும். வராமல் இருந்தால் யாரோ ஒருவர் உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார் என்று பொருள்.

திரையில் தெரியும் பாத்திரத்தின் உடம்பு உள்ளே வெற்றிடம். வெளித்தோல் மட்டும் ஆயிரக்கணக்கான புள்ளிகளால் பின்னிய வலை. அதற்குள் எலும்புகள் வைக்கிறோம். எலும்பை அசைத்தால் தோல் கூடவே போகவேண்டும். எந்தப் புள்ளி எந்த எலும்பின் சொல்லை எவ்வளவு கேட்கவேண்டும் என்பதை 0 முதல் 1 வரையான எண்ணாகக் கொடுக்கிறோம். இந்த எண்ணுக்குத்தான் வெயிட் என்று பெயர். எண்களைத் தட்டச்சு செய்துகொண்டிருக்க முடியாது என்பதால் தூரிகையால் தோலின்மேல் வண்ணம் பூசுவதுபோலக் கொடுக்கிறோம். பிளெண்டரில் சிவப்பு பூசிய இடம் அந்த எலும்பை முழுக்கக் கேட்கும், நீலம் கேட்கவே கேட்காது, பச்சை பாதி கேட்கும். இதுதான் வெயிட் பெயின்டிங்.

இரண்டு எலும்புகளைப் பாதிப் பாதி கேட்கும் ஒரு புள்ளி எங்கே போய் நிற்கும்? முதல் எலும்பு அதை எங்கே கொண்டுபோகும் என்று ஒரு இடம் கணக்காகிறது. இரண்டாவது எலும்பு எங்கே கொண்டுபோகும் என்று இன்னொரு இடம். இரண்டுக்கும் நேர்க்கோடு போட்டு, கோட்டின் நடுவில் புள்ளியை வைத்துவிடுகிறது கணினி. கோளாறின் வேர் இந்த நேர்க்கோடு.

பாட்டியின் கைக்குள் அச்சுபோல ஓடும் எலும்பிலிருந்து மேல்தோல் 3 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்கை எலும்பு அசையவில்லை, ஆகவே மேல்பக்கத்துப் புள்ளியை அது மேலேயே இருக்கச் சொல்கிறது. கை எலும்பு 180 பாகை திரும்பிவிட்டது, ஆகவே அதே புள்ளியை நேர் கீழே 3 செ.மீ.க்கு வரச் சொல்கிறது. மேலே 3, கீழே 3. நடுப்புள்ளி சரியாக அச்சின்மேல் விழுகிறது. அதே வளையத்தில் உள்ள இடப்பக்கப் புள்ளிக்கும் வலப்பக்கப் புள்ளிக்கும் இதே கதிதான். மொத்த வளையமும் ஒரே புள்ளியாகிவிடுகிறது. 90 பாகை மட்டும் திரும்பினால்கூட 3 செ.மீ. ஆரம் ஏறத்தாழ 2.1 செ.மீ. ஆகிறது. அந்த இடத்தில் கையின் குறுக்குப் பரப்பு பாதியாகிவிட்டது என்று அர்த்தம். கணக்குப் பிடிப்பவர்களுக்காக ஒரே ஒரு வாய்பாடு: நடு வளையத்தின் ஆரம்

```
r × cos(θ / 2)
```

இதில் r முதலில் இருந்த ஆரம், θ இரண்டு எலும்புகளுக்கும் இடையே உள்ள திருப்பம். இனி இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவையே.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஒடுங்கிய இடத்தில் தூரிகையை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பது. சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகும் வண்ணத்தை மணிக்கட்டு ஓரத்தோடு நிறுத்தாமல், முழங்கை வரை நீளமாக இழுத்துவிட்டால் முறுக்கு பரவிவிடும் என்று தோன்றும். ஒரு நாள் முழுக்கப் பூசினாலும் பரவாது. எப்படிப் பூசினாலும், எங்காவது ஓரிடத்தில் வெயிட் பாதிப் பாதியாக வந்தே தீரும். அங்கே அந்த வளையம் அதே அளவுக்குத்தான் ஒடுங்கும். முன்பு மணிக்கட்டில் இருந்த ஒடுக்கம் முன்கையின் நடுவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். தூரிகை சராசரி எடுப்பது இடங்களுக்கு. நமக்கு வேண்டியது கோணங்களின் சராசரி. மேல் புள்ளி கீழே வரவேண்டுமானால் கையின் பக்கவாட்டைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். கையைத் துளைத்துக்கொண்டு நேராக வரக்கூடாது. சுற்றிக்கொண்டு வரும் வழியில் பாதித் தூரம் திரும்பிய எலும்பு ஒன்று அங்கே இருந்தால்தான் புள்ளி அதைக் கேட்கமுடியும். அந்த எலும்பு இல்லாமல் எத்தனை பூசியும் பயனில்லை.

உங்கள் கையிலேயே இதைப் பார்க்கலாம். வலது முன்கையை மேசைமேல் வைத்து, இடது கையால் முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். பிடித்த இடத்தில் தோல் அநேகமாக அசையாது. பிடியை முன்கையின் நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி திருப்புங்கள்: தோல் பாதி திரும்பும். மணிக்கட்டை ஒட்டிப் பிடித்தால் கை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவும் திரும்பும். இன்னொன்றையும் கவனிக்கலாம். திருப்பம் மணிக்கட்டு மூட்டில் நடக்கவே இல்லை. முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முழங்கையில் கீல்போல மாட்டிக்கொண்டு அநேகமாக அப்படியே இருக்க, பெருவிரல் பக்கத்து எலும்பு அதன்மேல் குறுக்காகப் புரள்கிறது. மணிக்கட்டு மடங்கத்தான் செய்கிறது. முறுக்கைத் தாங்குவது முன்கையின் முழு நீளமும். பாட்டியின் ரிக்கிலோ முன்கைக்கு ஒரே எலும்பு, கைக்கு ஒரே எலும்பு. முழு நீளம் தாங்கவேண்டிய முறுக்கை ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கட்டியிருந்தோம்.

ஆகவே முன்கை எலும்பின் நெடுக, அதற்குப் பிள்ளைகளாக, சிறு எலும்புகள் சேர்த்தோம். இவற்றை ட்விஸ்ட் ஜாயின்ட் என்பார்கள். முறுக்கு மூட்டு என்று சொல்லலாம். முதல் மூட்டு கையின் திருப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு திரும்பும், அடுத்தது மூன்றில் இரண்டு. எங்கள் பாட்டியின் உருவம் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும் நிலையில் செய்யப்பட்டிருந்தது. தோசைக்கு அடியில் திருப்பியை நுழைக்க அங்கிருந்து 150 பாகை திரும்பவேண்டியிருந்தது. ஒரே இடத்தில் 150 என்றால் 3 செ.மீ. ஆரம் 8 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். அதே 150ஐ மூன்றாகப் பிரித்தால் பக்கத்துப் பக்கத்து மூட்டுகளுக்கு இடையே 50 பாகைதான். மிக மோசமான வளையத்திலும் ஆரம் 2.7 செ.மீ. நிற்கும். கண்ணுக்கு அது மெலிவாகத் தெரியாது, திரும்பிய கையாகத்தான் தெரியும்.

மூட்டு சேர்த்த பிறகுதான் தூரிகைக்கு உண்மையான வேலை. பாட்டியின் முன்கை நீளம் 24 செ.மீ. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை 2 செ.மீ.க்கு ஒரு வளையமாகப் புள்ளிகள். முழங்கையை ஒட்டிய வளையம் முன்கை எலும்பை மட்டும் கேட்கிறது. 8 செ.மீ.யில் உள்ள வளையம் முதல் முறுக்கு மூட்டை மட்டும் கேட்கிறது. இடைப்பட்ட வளையங்களில் வெயிட் படிப்படியாகக் கைமாறுகிறது: 2 செ.மீ.யில் முக்கால் பங்கு முன்கை, கால் பங்கு முறுக்கு மூட்டு, 4 செ.மீ.யில் பாதிப் பாதி, 6 செ.மீ.யில் கால், முக்கால். 16 செ.மீ.யில் இரண்டாவது மூட்டு முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்கிறது. எந்த வளையமும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மூட்டுகளுக்கு மேல் கேட்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதல் மூட்டையும் கையையும் சேர்த்துக் கேட்கும் வளையம் ஒன்று நடுவில் தப்பி இருந்துவிட்டால், அங்கே இடைவெளி மறுபடி 100 பாகையாகி அந்த வளையம் மட்டும் ஒடுங்கும்.

ஒரே வளையத்தில் உள்ள புள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வெயிட் இருக்கவேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். சுதந்திரமாகத் தூரிகையை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியும் மேல்பக்கம் நன்றாகப் பூசப்படும், அடிப்பக்கம் விட்டுப்போகும். சும்மா இருக்கும்போது தெரியாது. கை திரும்பியதும் அடியிலிருந்து ஒரு முள் நீட்டும். அதனால் நான் தூரிகையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில்லை. ஒவ்வொரு வளையமாகத் தேர்ந்தெடுத்து எண்ணையே கொடுத்துவிடுவேன், கடைசியில் லேசாக மெழுகுவதற்கு மட்டும் தூரிகை. `Auto Normalize` போட்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு புள்ளியின் வெயிட்டுகள் எல்லாம் கூட்டி 1 வராமல், மூட்டுகளின் பங்கு நாம் நினைத்த விகிதத்தில் அமையாமல் போகும்.

இரண்டு மூட்டுகள், அதற்கப்பால் கை எலும்பு என்றுதான் முதலில் செய்தேன். திருப்பிப் பார்த்தபோது அழகாக இருந்தது. மணிக்கட்டை மடக்கியதும் வினை தெரிந்தது: முன்கையின் கடைசிப் பகுதியும் ரப்பர் குழாய்போல வளைந்தது. காரணம், 16 செ.மீ.யிலிருந்து 24 வரை உள்ள வளையங்கள் கை எலும்பையும் கேட்டுக்கொண்டிருந்தன. அது திரும்பும்போது திரும்பினவை, அது மடங்கும்போது மடங்கவும் செய்தன. திருப்பத்தையும் மடங்கலையும் ஒரே எலும்பிடம் கேட்டால் இப்படித்தான் ஆகும். அதற்கு மூன்றாவது மூட்டு ஒன்று வேண்டும். கை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவும் அது திரும்பும், ஆனால் ஒருபோதும் மடங்காது. அதை 22 செ.மீ.யில் வைத்தேன். கை எலும்பின் ஆட்சி இப்போது மணிக்கட்டு வளையத்தில்தான் தொடங்குகிறது, முன்கைக்குள் அதற்கு இடமில்லை. வளையலையும் இந்த மூன்றாவது மூட்டில்தான் மாட்டினேன்.

மூட்டுகளுக்குக் கையின் திருப்பத்தை எப்படிச் சொல்வது என்பது அடுத்த சிக்கல். பிளெண்டரில் `Copy Rotation` போட்டு, Y அச்சை மட்டும் விட்டு, `Influence` அளவை 0.33, 0.66, 1 என்று வைத்தால் மேலோட்டமாக வேலை செய்யும். ஆனால் கை கீழே மடங்கி, கொஞ்சம் பக்கமாகவும் சாய்ந்தால், திரும்பாத கையைத் திரும்பியதாகக் கணக்கெடுத்துக்கொண்டு முன்கை தானாக முறுக்கும். மூன்று அச்சுகளில் நடக்கும் அசைவை மூன்று எண்களாகப் பிரிக்கும்போது ஒன்றன் பங்கு மற்றொன்றில் கசிவதால் வருவது இது. இதற்குச் சரியான வழி, அசைவை எலும்பு எந்தத் திசைக்குச் சாய்ந்தது, தன் அச்சில் எவ்வளவு திரும்பியது என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவதை மட்டும் எடுப்பது. பிளெண்டரில் முறுக்கு மூட்டின் Y திருப்பத்துக்கு டிரைவர் போட்டு, மாறியின் வகையை `Transform Channel` என்றும், முறையை `Swing and Y Twist` என்றும், இடத்தை `Local Space` என்றும் கொடுத்து, எலும்பாகக் கையைக் காட்டினால் அது கிடைத்துவிடும். மாறிக்கு t என்று பெயர் வைத்தால் முதல் மூட்டின் டிரைவரில் எழுதவேண்டியது இவ்வளவுதான்:

```
t * 0.33
```

அடுத்ததில் 0.66, மூன்றாவதில் t மட்டும். இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. கை 180 பாகையைத் தாண்டினால் கணக்கு எதிர்ப்பக்கத்துக்குத் தாவி, முன்கை ஒரே பிரேமில் சுழன்றுவிடும். மனிதக் கை அவ்வளவு திரும்பாது. ஆனால் அனிமேட்டர் அவசரத்தில் திருப்பிவிடுவார். அதனால் கைக் கட்டுப்பாட்டுக்கு ஒரு வரம்பு போட்டுவைப்பது நல்லது.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று தெரியும் கையில் பல தப்புகள் மறைந்திருக்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளவாக்கில் கறுப்புக் கோடுகள் போட்ட ஒரு டெக்ஸ்சரைக் கைக்கு ஒட்டுகிறேன். கையைத் திருப்பினால் கோடுகள் கயிற்றின் புரிபோல ஒரே சாய்வில் சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஓரிடத்தில் நேராக ஓடி, அடுத்த இடத்தில் சட்டென்று மடிந்தால், அங்கே வெயிட் கைமாறுவது அவசரமாக நடக்கிறது. பிறகு கையைத் திருப்பாமல் மடக்கி மட்டும் பார்க்கிறேன். இப்போது முன்கையின் கோடுகள் ஒரு துளிகூட அசையக்கூடாது. இந்த இரண்டு அசைவுகளையும் முன்னதாகவே காலவரிசையில் போட்டுவைத்து, முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே பூசினால் வேலை பாதியாகக் குறையும்.

இதுவரை சொன்னது திருப்பத்துக்கு. முழங்கை மடங்கும்போது சதை கரைவது இன்னொரு முகம். காரணம் அதே நேர்க்கோட்டுச் சராசரிதான், ஆனால் முறுக்கு மூட்டுகள் இங்கே உதவாது. பாட்டி கையை மடக்கி முந்தானையைத் தோளில் போடும்போது முழங்கை 140 பாகை மடங்குகிறது. மூட்டில் உள்ள வளையம் தன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறுகி, முழங்கையின் முனை மழுங்கி, தோட்டக் குழாயை மடித்ததுபோல ஆகிவிடுகிறது. இதற்கு முழங்கையிலேயே ஒரு உதவி எலும்பு வைத்து, முன்கை மடங்குவதில் பாதி மட்டும் அதை மடங்கச்செய்து, மூட்டைச் சுற்றிய நடு வளையத்தை அதற்கே முழுக்கக் கொடுத்துவிட்டேன். அதனால் நடு வளையம் சராசரிக்கே போவதில்லை. இரு பக்கத்து வளையங்கள் சந்திக்கும் இடைவெளியும் 140க்குப் பதில் 70 பாகைதான். ஒடுக்கம் பெருமளவு போய்விட்டது. எஞ்சியிருந்த உள்மடிப்பை, கை மடங்கிய நிலைக்கென்றே ஒரு வடிவத்தைச் செதுக்கி, மடக்கும்போது மட்டும் அது மேலே வரும்படி வைத்துச் சரிசெய்தோம். சதை சதையோடு அழுந்திப் பிதுங்குவதை எந்த எலும்பும் செய்துகாட்டாது, அதைக் கையால்தான் செதுக்கவேண்டும்.

இத்தனை பாடுபடாமல் கணக்கையே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். லாடிஸ்லாவ் காவனும் அவருடைய கூட்டாளிகளும் 2007இல் டூயல் குவாட்டெர்னியன் என்ற முறையில் அதைத்தான் செய்தார்கள். புள்ளியை நேர்க்கோட்டில் இழுக்காமல் சுற்றிக்கொண்டு போகவைக்கும் முறை அது. பிளெண்டரில் ஆர்மேச்சர் மாடிஃபையரில் `Preserve Volume` என்ற கட்டத்தைத் தட்டினால் போதும், மணிக்கட்டு உடனே பருத்துவிடும். ஆனால் முழங்கையும் தோளும் மடங்கும்போது வெளிப்பக்கம் புடைத்துக்கொள்ளும். பாட்டியின் தோளில் இல்லாத ஒரு உருண்டை முளைத்தது. தவிர, இந்த முறையை எல்லா கேம் இன்ஜின்களும் ஏற்பதில்லை. முறுக்கு மூட்டுகள் வெறும் எலும்புகள் என்பதால் எங்கே போனாலும் வேலைசெய்யும். அன்ரியல் இன்ஜினோடு வரும் மனித உருவத்திலேயே `lowerarm_twist_01_l` என்ற பெயரில் ஒன்று இருக்கிறது, திறந்து பார்க்கலாம். என் தீர்ப்பு முறுக்கு மூட்டுகளின் பக்கம்தான்.

பாட்டியின் தோசைக் காட்சியை மறுபடி ஓட்டினோம். வளையலுக்குள் மணிக்கட்டு இருந்தது. ஆரம் 2.7 செ.மீ. என்று முன்னே சொன்னேன். அதை 2.9க்கு மேல் கொண்டுவந்திருக்க முடியும், அதுவும் நான் ஒரு எலும்புகூடக் கூடுதலாகச் சேர்க்காமல். உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி உருவம் செய்ததால்தான் 150 பாகையும் ஒரே பக்கமாக வந்து விழுந்தது. பெருவிரல் மேலே பார்க்க, கை நடுநிலையில் இருந்திருந்தால் ஒரு பக்கம் 75, மறுபக்கம் 75. மூட்டுக்கு மூட்டு 25 பாகைதான். உருவம் செதுக்கித் தரும் நண்பர்களே, ரிக்கிங்குக்கு அனுப்புமுன் கைகளை அந்த நிலையில் வைத்து, முன்கையில் வளையங்களை நெருக்கமாகப் போட்டுக் கொடுங்கள்.